மிட்டாயில் எதுக்குக் கோழி?

எங்கள் குடோனில் அவரை எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். மேனேஜரும் அப்படித்தான், லாரி டிரைவரும் அப்படித்தான். நர்ஸ் படிப்பு படித்தவர். ஜெர்மனிக்கு வேலைக்குப் போகணும் என்று ஒன்றரை வருஷம் அந்த பாஷையை உருப்போட்டு, பரீட்சையும் பாஸ் பண்ணி, புதுப் பெட்டி வாங்கி வைத்த நேரத்தில் அவருடைய மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். சிஸ்டர் பெட்டியை அலமாரி மேலே ஏற்றிவிட்டு மாமியாரைப் பார்த்துக்கொண்டார். அந்த அம்மா எழுந்து நடந்து, பழையபடி மருமகளைக் குறை சொல்லும் தெம்பு வர மூன்று வருஷம் ஆனது. அதற்குள் பரீட்சைச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது.

அப்படித்தான் எங்கள் கம்பெனிக்கு வந்தார். நாங்கள் ஜெர்மனிப் பக்கத்திலிருந்து பிஸ்கட், சாக்லேட், சீஸ், சாஸ் எல்லாம் இறக்குமதி பண்ணிக் கடைகளுக்குக் கொடுக்கிறவர்கள். பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று நம் பாஷையில் ஸ்டிக்கர் ஒட்டாமல் ஒன்றையும் விற்கக் கூடாது. அந்த ஸ்டிக்கருக்குப் பட்டியலை மொழிபெயர்ப்பது சிஸ்டர் வேலை. அடித்துக் கொடுப்பது என் வேலை. குடோனின் பின்பக்கம், குளிர் அறைக்குப் பக்கத்தில், ஜன்னல் ஒன்று மட்டும் உள்ள லேபிள் ரூம். ஒரு மூலையில் என் பிரிண்டர், இன்னொரு மூலையில் அவருடைய மேஜை. ஏழு வருஷம் அப்படி இருந்தோம். எனக்கு அவரை விடப் பதினாலு வயசு கூட. என்னை அண்ணா என்பார்.

ஆரம்பத்தில் எனக்கு அவர் மேல் கொஞ்சம் எரிச்சல்தான். அவ்வளவு மெதுவு. ஒரு நாளைக்கு நாலு ஐட்டம் முடித்தால் பெரிய விஷயம். பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து, ஒரு வார்த்தையில் நிற்பார். நின்றால் நின்றதுதான். பிரிண்டர் சும்மா இருக்கும், நான் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"என்ன சிஸ்டர், மாட்டிக்கிச்சா?"

"E322ன்னு போட்டிருக்கான் அண்ணா. லெசித்தின். எண்ணெயும் தண்ணியும் பிரியாம சேர்த்துப் பிடிச்சு வைக்கிற சரக்கு. ஆனா எதுலேர்ந்து எடுத்ததுன்னு எழுதல. சோயாவா, சூரியகாந்தியா, முட்டையா?"

"லெசித்தின்னு எழுதிட்டுப் போங்களேன். அவனே அவ்வளவுதானே எழுதியிருக்கான்?"

"சோயா ஒத்துக்காதவங்க இதைக் கையில எடுத்து என்ன பண்ணுவாங்க? கேட்டு எழுதிடுறேன்."

உடனே தயாரிக்கிற கம்பெனிக்கு ஒரு மெயில் போகும். பதில் வர நாலு நாள் ஆகும். அது வரைக்கும் அந்தப் பெட்டிகள் ஓரமாக நிற்கும். மேனேஜர் வந்து பெட்டியைப் பார்ப்பார், சிஸ்டரைப் பார்ப்பார், திரும்பிப் போய்விடுவார். அவர் கெட்டவர் இல்லை. குடோனில் இடம் இல்லை, கடைக்காரர்கள் அவருக்குத்தான் போன் பண்ணுகிறார்கள்.

அதனால்தான் மொழிபெயர்க்கிற சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கினார். பாக்கெட்டைப் படம் எடுத்துப் போட்டால் கண்மூடித் திறப்பதற்குள் பட்டியல் நம் பாஷையில் வந்துவிடும். நாலு ஐட்டத்துக்கு ஒரு நாள் என்பது போய்ப் பத்து நிமிஷம் என்றானது. எங்களுக்கெல்லாம் வாய் பிளந்துவிட்டது. சிஸ்டரும் நின்று பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு சார். அடிக்கிறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை ஒத்துப் பார்த்துடவா?"

"ஒத்துப் பார்க்கிறதுக்குன்னு உட்கார்ந்தீங்கன்னா பழைய குருடி கதவைத் திறடிதான். சந்தேகம் வந்தா கூப்பிடுறேன்" என்றார் மேனேஜர்.

சிஸ்டரை முன்பக்கம் போன் மேஜைக்கு மாற்றினார்கள். ஸ்டிக்கரில் போட்டிருக்கிற நம்பருக்கு வாடிக்கையாளர்கள் கூப்பிட்டால் பேசுவது. சம்பளத்தில் மாற்றம் இல்லை. அவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. பூதக்கண்ணாடியை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

மூன்று வாரம் ஓடியது. நான் அதற்கு முன்னால் ஒரு மாதத்தில் அடிக்காத அளவு ஸ்டிக்கரை அந்த மூன்று வாரத்தில் அடித்தேன். நூற்று நாற்பது ஐட்டம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். பிரிண்டருக்கு ரிப்பன் ரோல் வந்ததா என்று கேட்க முன்பக்கம் போயிருந்தேன். சிஸ்டர் போனில் இருந்தார். அந்தப் பக்கம் பேசியது ஒரு பெண். தையல் கடை வைத்திருக்கிறவர் என்று பிறகு தெரிந்தது. பின்னால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் போனில் கேட்டது. சிஸ்டர் போனை ஸ்பீக்கரில் போட்டு விட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"மேடம், எனக்குச் சின்ன வயசுலேர்ந்து முட்டை ஆகாது. அதனால எதை வாங்கினாலும் படிச்சுட்டுத்தான் வாங்குவேன். நேத்து உங்க மிட்டாய் ஒண்ணு வாங்கினேன். சாக்லேட்டுக்குள்ள நுரை மாதிரி வெள்ளையா இருக்குமே, அது. ஸ்டிக்கர்ல முட்டை இல்ல. ஆனா கோழிப் புரதத் தூள்னு போட்டிருக்கு. எனக்குக் கோழிக்கறி ஒண்ணும் செய்யாது. அதனால சாப்பிடலாம். இருந்தாலும் ஒரு யோசனை. மிட்டாயில எதுக்கு மேடம் கோழி?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிஸ்டர் சிரிக்கவில்லை. பேனா அப்படியே நின்றுவிட்டது.

"அக்கா, பாக்கெட்டைப் பிரிச்சிட்டீங்களா?"

"பிரிச்சேன். வாயில போடல."

"போடாதீங்க. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. நான் லைன்ல இருக்கேன்."

அந்தப் பெண் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. மெஷின் சத்தம் நின்றது. தண்ணீர் சத்தம் கேட்டது. சிஸ்டர் என்னிடம் திரும்பி, "அண்ணா, அந்த நுரை மிட்டாய் ஒண்ணு எடுத்துட்டு வாங்க. ஸ்டிக்கர் ஒட்டாதது" என்றார்.

ஓடிப்போய் எடுத்து வந்தேன். பாக்கெட்டின் முதுகில் பொடி எழுத்தில் நாலு பாஷையில் பட்டியல், இங்கிலீஷ் மட்டும் இல்லை. சிஸ்டர் ஜெர்மன் வரியில் விரலை வைத்தார்.

"இதோ, ஹ்யூனர்ஐவைஸ்புல்வர். ஹ்யூனர்னா கோழி. ஐன்னா முட்டை. வைஸ்னா வெள்ளை. புல்வர் தூள். கோழிமுட்டை வெள்ளைக்கருத் தூள். ஆனா அந்த 'ஐவைஸ்'ங்கிற வார்த்தைக்கு அவங்க பேச்சுல புரதம்னும் அர்த்தம் உண்டு. பால் ஐவைஸ்னா பால் புரதம். மெஷின் அந்த அர்த்தத்தை எடுத்துக்கிச்சு. கோழிப் புரதம்னு எழுதிடுச்சு."

"அப்போ உள்ள இருக்கிறது..."

"வெள்ளைக்கருவை அடிச்ச நுரைதான் அண்ணா. முழுக்க அது."

நான் அந்த வார்த்தையைப் பார்த்தேன். எனக்கு அந்த எழுத்து ஒன்றும் புரியாது. ஆனால் மற்ற வார்த்தைகளை விட அது கருப்பாக, தடியாக அச்சடித்திருந்தது தெரிந்தது. அதைக் கேட்டேன்.

"அதுதான் முக்கியம். அந்த ஊர்ச் சட்டத்துல பதினாலு வகைப் பொருளை மட்டும் தனியாத் தெரியற மாதிரி அச்சடிச்சே ஆகணும். முட்டை, பால், வேர்க்கடலை, கோதுமை, மீன், எள்ளு இப்படி. கோழிக்கறி அந்தப் பதினாலுல இல்ல. அப்ப கோழியை எதுக்குத் தடியாப் போடுவான்? பாஷை தெரியலேன்னாலும் இந்த ஒண்ணே போதும், ஏதோ தப்புன்னு தெரிஞ்சுக்க."

தையல்காரப் பெண் போனுக்குத் திரும்பி வந்தார். சிஸ்டர் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா?"

"இருக்கேன் மேடம். உட்கார்ந்துட்டேன்." பிறகு அவர் மெதுவாகக் கேட்டார். "எங்கிட்ட உங்க பாக்கெட் இன்னும் கொஞ்சம் இருக்கு. அதையெல்லாம் எடுத்துட்டு வந்தா பார்த்துச் சொல்லுவீங்களா?"

"வாங்க. ஸ்டிக்கரைக் கிழிக்காம அப்படியே கொண்டு வாங்க."

போனை வைத்ததும் சிஸ்டர் மேனேஜர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஸ்டிக்கர் அடித்தது என் கை. மனசு கேட்கவில்லை.

மேனேஜர் முழுக்கக் கேட்டார். பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, இந்த ஒரு ஐட்டத்தை நிறுத்திடலாம். திருத்திப் புது ஸ்டிக்கர் போடுங்க."

"ஒண்ணு இல்ல சார். நூத்தி நாப்பது ஐட்டமும் பார்க்கணும். கடைக்குப் போனதையும்."

"சிஸ்டர், ஒரு வார்த்தை தப்பா வந்ததுக்கு எல்லாமே தப்புன்னு சொன்னா எப்படி? மெஷின்னா தப்பு வரும்தான். மனுஷங்க எழுதினா மட்டும் வராதா?"

"வரும் சார்" என்றார் சிஸ்டர்.  மேனேஜர், "நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

மறுநாள் தையல்காரப் பெண் வந்தார். நாற்பது வயசுக்குள் இருக்கும். கழுத்தில் அளவெடுக்கிற டேப் மாலை மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது, கழற்ற மறந்து வந்திருந்தார். ஒரு பெரிய துணிப்பை நிறைய பாக்கெட். வரவேற்பு அறையில் உட்கார வைக்க இடம் போதவில்லை என்று லேபிள் ரூமுக்கே கூட்டி வந்தோம். பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

சிஸ்டர் முதலில் பாக்கெட்டைத் தொடவில்லை. நர்ஸ் மாதிரி விசாரித்தார். எவ்வளவு பட்டால் என்ன ஆகும், டாக்டர் என்ன சொல்லியிருக்கிறார், 'முட்டையின் சிறு துகள் இருக்கலாம்' என்று போட்டிருப்பதையும் தவிர்க்கச் சொன்னாரா, அவசர ஊசி இருக்கிறதா.

"துகள்னு போட்டிருந்தாலும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்." தையல்காரர் கைப்பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டினார். தொடையில் குத்திக்கொள்கிற ஊசியாம். "ரெண்டு தடவை போட்டிருக்கேன். முதல் தடவை எனக்குப் பத்தொன்பது வயசு. தோழி பிறந்தநாள். கேக்கை நான் தொடவே இல்ல. கேக் வெட்டின கத்தியாலயே எனக்கு ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கும்போது மூச்சு ஊசி நுழையற அளவுக்குத்தான் போய் வந்துக்கிட்டு இருந்துச்சு."

தொழில் வழக்கில் உவமை சொல்கிறாரே என்று நினைத்தேன். சொல்லும்போது குரல் ஏறவில்லை. பையிலிருந்து பாக்கெட்டுகளை எடுத்து இரண்டு வரிசையாக அடுக்கினார். ஒரு வரிசை, சாப்பிடுபவையும் சாப்பிட வாங்கி வைத்தவையும். இன்னொரு வரிசை, சந்தேகப்பட்டு விட்டுவிட்டவை. இரண்டாவது வரிசைதான் நீளம்.

சிஸ்டர் நீள வரிசையிலிருந்து ஆரம்பித்தார். முதலில் வந்தது உப்புப் போட்ட குச்சி பிஸ்கட்.

"இதை ஏன் விட்டீங்க?"

"பின்னாடி பாருங்க. சத்துப் பட்டியல்ல முட்டை வெள்ளை பதினொரு கிராம்னு உங்க ஸ்டிக்கர்லயே இருக்கு."

சிஸ்டர் படித்தார். முதல் தடவையாக அன்றைக்குச் சிரித்தார். "அக்கா, நேத்து மெஷின் முட்டையைப் புரதம்னு எழுதிச்சு. இதுல புரதத்தை முட்டைன்னு எழுதியிருக்கு. அதே வார்த்தைதான். சத்துப் பட்டியல்ல ஐவைஸ்னு இருந்தா அது வெறும் புரதம். கோதுமைல இருக்கிற புரதம். இதுல முட்டை எங்கேயும் இல்ல."

"அப்போ சாப்பிடலாமா?"

"கொஞ்சம் பொறுங்க. பட்டியல்ல இல்ல. துகள் இருக்கலாம்ங்கிற வரியும் இல்ல. ஆனா அந்த வரி போடணும்னு கட்டாயம் கிடையாது. தொழிற்சாலையில இதே மெஷின்ல முட்டை போட்ட பிஸ்கட்டும் ஓட்டுறாங்களான்னு கம்பெனிக்குக் கேட்டுட்டு நானே கூப்பிட்டுச் சொல்றேன்."

அடுத்தது ஒரு சாக்லேட். E322 என்று இருந்ததால் பன்னிரண்டு வருஷமாக அதைத் தொடவில்லையாம். லெசித்தின் என்ற பெயரே கிரேக்க பாஷையில் மஞ்சள்கருவிலிருந்து வந்தது என்று எங்கோ படித்திருக்கிறார்.

"பேர் அப்படி வந்தது உண்மைதான். முதல்ல அதைக் கண்டுபிடிச்சது மஞ்சள்கருவுலதான். இப்போ பெரும்பாலும் சோயாவுலயோ சூரியகாந்தியிலயோ எடுக்கிறாங்க. முட்டையிலேர்ந்து எடுத்திருந்தா, அந்த ஊர் பாக்கெட்ல முட்டைன்னு தடியா எழுதியே ஆகணும். இங்க சோயான்னு தடியா இருக்கு பாருங்க. பக்கத்துல E471, அது கொழுப்பைப் பிரிச்சு எடுக்கிறது. அதுக்கும் முட்டைக்கும் சம்பந்தமில்ல. கீழ பாருங்க, துகள் வரியும் இருக்கு. பாதாம் மட்டும், முட்டை இல்ல. இருந்தாலும் இதையும் கேட்டுட்டுச் சொல்றேன்."

ஒவ்வொன்றாகப் போனார். நான் சும்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் வேண்டாம் என்று தள்ளிவிடுவது ரொம்பச் சுலபம், யாரும் குறை சொல்ல முடியாது. சிஸ்டர் அதைச் செய்யவில்லை. சாப்பிடக்கூடியது ஒன்று கூட அநியாயமாக அந்த நீள வரிசையில் கிடக்கக் கூடாது என்று போராடுகிற மாதிரி இருந்தது.

பிறகு குட்டை வரிசைக்கு வந்தார். அதில் ஒரு சீஸ் இருந்தது. எங்கள் புது ஸ்டிக்கரில் 'பதப்படுத்தி: லைசோசைம்' என்று இருந்தது. சிஸ்டர் ஸ்டிக்கரின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். நாங்கள் அதை ஒட்டியிருந்த இடம், சரியாக மூலப் பட்டியலின் மேலே. ஹேர் டிரையர் வைத்துச் சூடு பண்ணி உரித்தோம். அடியில் லைசோசைம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இரண்டு குட்டி வார்த்தை. முட்டையிலிருந்து என்று அர்த்தமாம். நம்பர் போட்டால் E1105. சீஸில் கிருமி வளராமல் இருக்கச் சேர்ப்பது, வெள்ளைக்கருவிலிருந்து எடுப்பது. சாஃப்ட்வேர் அந்தக் குட்டி வார்த்தைகளை விட்டுவிட்டது. விட்டது போதாது என்று நாங்கள் அதன் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டி மூடியும் வைத்திருந்தோம்.

"இதை நான் இன்னும் பிரிக்கல" என்றார் தையல்காரர். "வெள்ளிக்கிழமை பிரிக்கலாம்னு வச்சிருந்தேன்."

கடைசியாக ஒரு ஓட்ஸ் பிஸ்கட். இதில் ஒட்டியிருந்தது பழைய ஸ்டிக்கர், சாஃப்ட்வேர் வருவதற்கு முந்தியது. சிஸ்டர் அதை மூலத்தோடு ஒத்துப் பார்த்தார். ஒரு தடவை பார்த்தார். பூதக்கண்ணாடியைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். 

"இதை அடிக்கடி சாப்பிடுவீங்களா அக்கா?"

"வாரத்துக்கு ஒண்ணு. ரெண்டு வருஷமா. ஒண்ணும் பண்ணல."

"இனிமே வேண்டாம். கீழ ஒரு வரி இருக்கு. பால், முட்டை துகள் இருக்கலாம்னு. ஸ்டிக்கர்ல பால் மட்டும் இருக்கு. முட்டை விட்டுப் போச்சு." பாக்கெட்டைக் கீழே வைத்தார். "இது மெஷின் எழுதினது இல்ல. நான் எழுதினது."

 தையல்காரர் சிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் சிஸ்டர் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கே தெரிந்திருக்காது. அந்தப் பாஷை எங்கள் யாருக்கும் தெரியாது.

"மன்னிச்சிருங்க அக்கா" என்றார் சிஸ்டர்.

தையல்காரர் கழுத்திலிருந்த டேப்பை இழுத்து விரலில் சுற்றிக்கொண்டார். "நானும் அளவு தப்பா எடுத்திருக்கேன் சிஸ்டர். கல்யாணப் பொண்ணுக்கே எடுத்திருக்கேன். துணின்னா பிரிச்சுத் தைக்கலாம்." டேப்பை விரலிலிருந்து பிரித்தார். "நீங்க சொல்லிட்டீங்க. அதனாலதான் மத்த பாக்கெட்டைப் பத்தி நீங்க சொன்னதையும் நான் நம்புறேன்."

சிஸ்டர் அந்த ஓட்ஸ் பிஸ்கட்டையும் சீஸையும் எடுத்துக்கொண்டு நேராக மேனேஜரிடம் போனார். தையல்காரரும் நானும் கூடப் போனோம். சிஸ்டர் ஓட்ஸ் பாக்கெட்டைத்தான் முதலில் மேஜையில் வைத்தார்.

"மனுஷங்க எழுதினா தப்பு வராதான்னு கேட்டீங்க சார். இது நான் பண்ண தப்பு. ரெண்டு வருஷமா கடையில நிக்குது."

 மேனேஜர் சண்டைக்குத் தயாராக இருந்திருப்பார் போல. எதிராளி தன் தப்பையே கொண்டு வந்து முன்னால் வைத்தால் யாரோடு சண்டை போடுவது?

"சாஃப்ட்வேரை நிறுத்தச் சொல்லல சார். அது வேகமாப் பண்ணட்டும். ஆனா அது எழுதினாலும் சரி, நான் எழுதினாலும் சரி, வேற ஒரு ஆள் பார்க்காம அடிக்கக் கூடாது. மூலப் பட்டியல் மேல ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. கடைக்குப் போனதையும் திரும்ப எடுக்கணும், இதையும் சேர்த்து."

மேனேஜர் தையல்காரரைப் பார்த்தார். "நீங்கதான் போன் பண்ணவங்களா?"

"ஆமா சார். நான் கடையில நின்னு படிக்கிறது உங்க ஸ்டிக்கரைத்தான். அந்தப் பாஷை எனக்குத் தெரியாது. அதுல இருக்கிறதுதான் எனக்குத் தெரிஞ்சது."

அவ்வளவுதான் சொன்னார். மேனேஜர் சீஸ் பாக்கெட்டில் ஸ்டிக்கரை உரித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து வேன் டிரைவரைக் கூப்பிட்டார். அன்றைக்கே உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் எழுதிப் போட்டார். அந்த விஷயத்தில் அவரையும் மெச்சத்தான் வேண்டும். முடிவு பண்ணிய பிறகு பின்வாங்கவில்லை.

வேனில் நானும் போனேன். இரண்டு நாளில் இருபத்திரண்டு கடை. நுரை மிட்டாய், சீஸ், ஓட்ஸ் பிஸ்கட், இன்னும் சிஸ்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கண்டுபிடித்த ஆறு ஐட்டம். ஒவ்வொரு கடையிலும் கல்லா பக்கத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டினோம். ஒரு கடைக்காரர் மிட்டாய்ப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே, "நல்லவேளை எடுத்துட்டுப் போறீங்க. கோழி போட்ட மிட்டாய்னு சைவக்காரங்க கிட்ட வரல. கோழி பிடிச்சவங்களும் மிட்டாயில அதை எதிர்பார்க்கல" என்றார்.

ஆனால் எல்லாம் சிரிக்கிற கதையாக இல்லை. அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா போன் பண்ணினார். போன வாரம் அந்த நுரை மிட்டாய் தின்ற பிறகு மகளுக்கு உதடு வீங்கி உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்ததாம். டாக்டர் முட்டையா என்று கேட்டதற்கு, முட்டையே கொடுக்கவில்லையே என்று சத்தியம் பண்ணியிருக்கிறார். கணவர், உன் சமையலில்தான் ஏதோ என்று சொல்லியிருக்கிறார். சிஸ்டர் அந்த அம்மாவோடு முக்கால் மணி நேரம் பேசினார். தப்பு எங்களுடையது என்று மூன்று தடவை சொன்னதை நான் கேட்டேன். மிட்டாய் பாக்கெட்டை டாக்டரிடம் கொண்டு போய்க் காட்டச் சொல்லி, ஜெர்மன் வார்த்தையையும் அதன் சரியான அர்த்தத்தையும் எழுதி மெசேஜ் அனுப்பினார். போனை வைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அடுத்த பிரச்சினை, அந்த 'வேற ஒரு ஆள்' யார் என்பது. ஜெர்மன் தெரிந்த இன்னொருவருக்கு எங்கே போவது? மேனேஜர் கையைப் பிசைந்தார். சிஸ்டர் என்னைக் காட்டினார்.

"எனக்கு ஏ, பி, சி, டியே தகராறு சிஸ்டர்."

"பாஷை நான் பார்த்துக்கிறேன் அண்ணா. நீங்க எண்ணுங்க. மூலத்துல தடியா எத்தனை வார்த்தை இருக்கு, ஸ்டிக்கர்ல தடியா எத்தனை இருக்கு. ரெண்டும் ஒத்து வரணும். சில பாக்கெட்ல தடி எழுத்துக்குப் பதிலாப் பெரிய எழுத்து இருக்கும், அடிக்கோடு இருக்கும். அடுத்து நம்பர். அங்க எத்தனை E நம்பர், இங்க எத்தனை. அடைப்புக்குறி அங்க எத்தனை, இங்க எத்தனை. கடைசியில துகள் வரி இருந்தா அதுல எத்தனை பேர். ஒத்து வரலேன்னா பிரிண்டரை ஆன் பண்ணாதீங்க. நான் திட்டினாலும் பண்ணாதீங்க."

அப்படித்தான் ஐம்பது வயசில் நான் லேபிள் சரிபார்ப்பவன் ஆனேன். முதல் வாரமே சிஸ்டர் எழுதிய ஒரு சூப்புப் பொடியில் தடித்த வார்த்தை ஒன்று குறைந்தது. கொண்டு போய்க் காட்டினேன். அந்தப் பதினாலில் ஒன்றான செலரி என்ற கீரை விட்டுப் போயிருந்தது. அவருக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். எழுந்து போய் மேனேஜரிடம், "அண்ணா ஒண்ணு பிடிச்சிட்டார்" என்று தானே சொல்லிவிட்டு வந்தார். தப்புப் பண்ணியவருக்கு அவ்வளவு சந்தோஷம் வந்து நான் பார்த்ததில்லை.

குச்சி பிஸ்கட் கம்பெனியிலிருந்து ஐந்தாம் நாள் பதில் வந்தது. அந்தத் தொழிற்சாலைக்குள் முட்டையே வருவதில்லை என்று எழுதியிருந்தார்கள். சிஸ்டர் தையல் கடைக்குப் போன் போட்டார். அந்தப் பதிலை வரி வரியாகப் படித்துச் சொன்னார். டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வீட்டில் ஆள் இருக்கும்போது ஆரம்பியுங்கள் என்றார். இரண்டு நாள் கழித்துத் தையல்காரரே கூப்பிட்டார். இரண்டு பாக்கெட் முடிந்துவிட்டதாம். உப்பு கொஞ்சம் ஜாஸ்தி என்று குறை வேறு.

சிஸ்டருக்கு இப்போது மறுபடியும் லேபிள் ரூமில்தான் மேஜை, போனும் அங்கேயே வந்துவிட்டது. முட்டை ஆகாதவர்கள் மட்டும் இல்லை, கடலை ஆகாதவர்கள், பால் ஆகாதவர்கள், எள்ளு ஆகாதவர்கள் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். ஒரு ஹோட்டல் சமையல்காரர் வாரா வாரம் கூப்பிடுகிறார். போன மாதம் ஒருவர், லாக்டோஸ் இல்லாத பால் பவுடர் பால் அலர்ஜி உள்ள தன் தம்பிக்கு ஆகுமா என்று கேட்டார். கடைக்காரர் ஆகும் என்றாராம். சிஸ்டர் பொறுமையாகச் சொன்னார். லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. அதை எடுத்தாலும் பால் புரதம் அப்படியே இருக்கும். அலர்ஜிக்காரருக்கு ஆகாதது அந்தப் புரதம்தான். தொடவே வேண்டாம்.

அதே ஆள் அடுத்த கேள்வி கேட்டார். ஏதோ ஒரு புது E நம்பர். எங்கள் பட்டியலில் நாங்கள் பார்த்திராதது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார் சிஸ்டர். "கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன். அது வரைக்கும் கொடுக்காதீங்க. உங்க போன் நம்பரைச் சொல்லுங்க."

நம்பரை எழுதிக்கொண்டார். சரியாக எழுதினோமா என்று ஒரு தடவை திரும்பப் படித்துக் காட்டினார். பிறகு கம்பெனிக்கு மெயில் பண்ண உட்கார்ந்தார்.